பழைய லாரி டிஸ்க்கில் ஓரமாக ஓடும் வளையம்: நெம்பலாமா?

செம்மண் | ஆகஸ்ட் 3, இரவு 8.50

சூளைக்குக் கல் ஏற்ற ஒரு பழைய ஆறு சக்கர லாரி வாங்கியிருக்கிறேன். 1993 மாடல். டயர் எல்லாம் 9.00-20 நைலான். பின்னால் இரண்டு டயர் மொட்டை. புது டயர் இரண்டு ஷெட்டில் கிடக்கிறது. எங்கள் ஊர் பஞ்சர் கடைக்காரர் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, இது என்னால் ஆகாது, டவுனுக்குக் கொண்டு போங்க என்று சொல்லிவிட்டார். டவுன் 22 கிலோமீட்டர்.

என்னிடம் ஜாக்கி, இரண்டு லிவர், சம்மட்டி, கம்ப்ரசர் எல்லாம் இருக்கிறது. டிராக்டர் டயர் நானே எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறேன். இதில் ரிம் ஓரமாக ஒரு வளையம் சுற்றி ஓடுகிறது. அது தேய்மானத்துக்குப் போட்ட பட்டை, நெம்பினால் வந்துவிடும் என்கிறார் மச்சான். வந்துவிடும்தானே?

நெம்புகோல் | ஆகஸ்ட் 3, இரவு 9.10

வந்துவிடும். அதுதான் பிரச்சினை. லிவரைக் கீழே வையுங்கள். டயரில் காற்று இருக்கிறதா இப்போது?

செம்மண் | ஆகஸ்ட் 3, இரவு 9.14

ஒன்றில் நிறைய. இன்னொன்று பாதி அமுங்கியிருக்கிறது.

நெம்புகோல் | ஆகஸ்ட் 3, இரவு 10.05

சரி, இன்றைக்கு ஒன்றும் செய்யாதீர்கள். காலையில் வெளிச்சத்தில் ஒரு துணியும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு போய் அந்த வளையத்தைச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். காற்றைத் தொட வேண்டாம், நட்டைத் தொட வேண்டாம். பார்ப்பது மட்டும்.

எங்காவது ஓர் இடத்தில் வளையம் வெட்டுப்பட்டு, இரண்டு முனையும் எதிரெதிரே நிற்கும். நடுவில் சின்ன இடைவெளி. அதன் பக்கத்திலேயே லிவர் நுனி நுழைகிற மாதிரி ஒரு பள்ளமும் இருக்கலாம். அந்த வெட்டு கண்ணில் பட்டால் அது லாக் ரிங். உங்கள் ரிம் ஒரே இரும்பு இல்லை, இரண்டு மூன்று துண்டு சேர்ந்தது.

மூன்று துண்டு என்றால் இப்படி. நடுவில் பானை மாதிரி அடி ரிம், அதன் ஒரு பக்கம் மட்டும் விளிம்பு உண்டு. மறு பக்கம் மொட்டையாக இருக்கும், அதனால்தான் டயர் உள்ளே நழுவிப் போகிறது. டயர் போன பிறகு அந்தப் பக்கத்துக்கு வெட்டு இல்லாத ஒரு முழு வளையத்தை விளிம்பாக வைப்போம். அது வெளியே வராமல் இருக்க, அதற்கும் வெளியே வெட்டுப்பட்ட லாக் ரிங்கை அடி ரிம்மின் காடியில் அழுத்தி உட்கார வைப்போம். இரண்டு துண்டு ரிம்மில் இந்த இரண்டு வேலையையும் வெட்டுப்பட்ட ஒரே வளையம் செய்யும்.

கவனியுங்கள், இதில் போல்ட் கிடையாது, நட் கிடையாது, வெல்டிங் கிடையாது. ரிங்கைப் பிடித்து வைத்திருப்பது விரல் அகலம்கூட வராத ஒரு காடி. உள்ளே இருக்கும் காற்றுதான் டயரைத் தள்ளி, டயர் விளிம்பு வளையத்தைத் தள்ளி, அது லாக் ரிங்கைக் காடிக்குள் இறுக்குகிறது. சரியாக உட்கார்ந்திருந்தால் காற்று ஏற ஏற இறுகும். காடியின் உதட்டில் தொற்றிக்கொண்டு நின்றால் அதே காற்று அதை வெளியே எறியும். இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான்.

நைட்சர்வீஸ் | ஆகஸ்ட் 3, இரவு 11.30

எதற்கு இவ்வளவு நீட்டி முழக்க வேண்டும் அண்ணே? டியூப் டயர் என்றால் ரிங். டியூப்லெஸ் என்றால் ரிங் இல்லை. 26 வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் சொல்கிறேன்.

நெம்புகோல் | ஆகஸ்ட் 4, காலை 6.20

பாதி சரி. டியூப்லெஸ் லாரி டயருக்கு ஒரே துண்டு ரிம், அது சரி. மறுபக்கம் உங்கள் கணக்கு உதைக்கும். டிராக்டரில் டியூப் உண்டு, ரிங் இல்லை. பழைய ஜீப்பில் டியூப் உண்டு, ரிங் இல்லை. செம்மண் டிராக்டர் டயர் மாற்றிப் பழகியதால்தான் இதையும் நெம்பலாம் என்று நினைத்தார்.

லாரிக்கு டயர் மேல் இருக்கிற எண்ணே நல்ல அடையாளம். 9.00-20, 10.00-20, 10.00R20 என்று கடைசி எண் முழு 20ஆக இருந்தால் ரிங் வைத்த ரிம் என்றே வைத்துக்கொண்டு கிட்டப் போங்கள். 22.5 என்று அரையில் முடிந்தால் ஒரே துண்டு, நடுவில் பள்ளம் விழுந்த ரிம். சின்ன லாரிகளின் 16 அங்குலத்தில் இரண்டு வகையும் ஓடுகிறது, அங்கே எண்ணை நம்பாமல் வெட்டைத் தேட வேண்டும்.

உள்ளே டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் பிளாப் இருந்தால் அதுவும் ஓர் அடையாளம்தான். ஆனால் அதைப் பார்க்கிற நேரத்துக்கு டயரைக் கழட்டியிருப்பீர்கள்.

ஸ்கூட்டர்காரன் | ஆகஸ்ட் 4, காலை 9.40

இது புது விஷயமா? என் பழைய ஸ்கூட்டரில் ரிம் இரண்டு பாதிதான். ஐந்து நட்டைக் கழட்டினால் இரண்டு தட்டாகப் பிரிந்து வரும். பத்து நிமிட வேலை. பயமுறுத்தாதீர்கள்.

நெம்புகோல் | ஆகஸ்ட் 4, காலை 10.00

நீங்கள் சொல்வது வேறு ஜாதி. இரண்டு பாதியை நட் போட்டு இறுக்கியது. ஆட்டோவிலும் அப்படித்தான். அதில் காற்று 20, 30 பவுண்ட், டயரும் கையளவு. அதிலும் காற்றை விடாமல் நட்டைக் கழட்டி விரல் நசுங்கினவர்கள் உண்டு. இங்கே பேசுவது 100 பவுண்ட்.

துறைமுகம் | ஆகஸ்ட் 4, பகல் 1.15

ஸ்கூட்டர் நண்பர் சொன்ன அதே நட் போட்ட ரகம் எங்கள் யார்டில் போர்க்லிஃப்டில் வருகிறது. அதில் இரண்டு வட்டமாக நட் இருக்கும். ஒரு வட்டம் சக்கரத்தை ஹப்பில் பிடிப்பது, இன்னொரு வட்டம் இரண்டு பாதியைச் சேர்த்துப் பிடிப்பது. சக்கரம் கழட்டப் போன பையன் காற்றோடு இரண்டாவது வட்டத்தில் ஸ்பேனர் போட்டால் முடிந்தது கதை. அதனால் எங்களிடம் அந்த நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம். தலைப்பை விட்டு விலகிப் போகிறேன், மன்னிக்கவும்.

செம்மண் | ஆகஸ்ட் 4, மாலை 6.30

பார்த்தேன். வெட்டு இருக்கிறது. வெளியே தெரிகிற நாலு டிஸ்க்கிலும். ஒன்றில் மட்டும் வெட்டின் ஒரு முனை மற்றதைவிடத் தூக்கலாக நிற்கிறது. பாதி காற்று இருந்ததே, அந்தச் சக்கரம்.

நெம்புகோல் | ஆகஸ்ட் 4, மாலை 6.41

அந்தப் பக்கம் போகாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளையும் விடாதீர்கள். அதில் காற்று ஏற்ற வேண்டாம், கண்டிப்பாக.

ரிங்குக்கு நேர் எதிரே நிற்காமல், டயர் தரையில் படுகிற ஓட்டுப் பட்டை பக்கமாகப் போய், கையை மட்டும் நீட்டி வால்வ் பின்னைத் திருகி எடுக்க முடியுமா என்று பாருங்கள். முகம், தோள் எதுவும் டிஸ்க்குக்கு முன்னால் வரக் கூடாது. முடியாது என்றால் விட்டுவிடுங்கள், ஆள் வரட்டும். பின்னை லேசாகத் தளர்த்தி உஸ் என்று விடுவது போதாது, முழுதாக எடுத்துவிட வேண்டும். சத்தம் நின்ற பிறகு வால்வுக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். துருவோ மண்ணோ அடைத்துக்கொண்டு, காற்று போய்விட்ட மாதிரி ஏமாற்றும். கம்பியை விட்டதும் மறுபடி உஸ் என்று கிளம்பி எனக்கே இரண்டு தடவை வயிற்றைக் கலக்கியிருக்கிறது.

நெம்புகோல் | ஆகஸ்ட் 4, இரவு 9.30

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் டயர் வெளி விட்டம் சுமார் 40 அங்குலம். அந்த வட்டத்தின் பரப்பு 1,250 சதுர அங்குலம் சொச்சம். ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 100 பவுண்ட். பெருக்கினால் 57 டன். அவ்வளவும் அந்த ரிங் மேல்.

வாத்தியார்62 | ஆகஸ்ட் 5, காலை 7.05

கணக்கு தவறு. நாற்பது அங்குல வட்டம் முழுவதையும் எடுக்கக் கூடாது. நடுவில் 20 அங்குலத்துக்கு ரிம்மும் ஓட்டையும்தான், அங்கே காற்று பக்கவாட்டில் ரிங்கைத் தள்ளவில்லை. டயரின் பக்கச் சுவரிலும் பாதிதான் ரிங்குக்கு வரும். சுவர் எங்கே அதிகமாகப் பிதுங்கியிருக்கிறதோ, அதற்கு மேலே இருக்கிற தள்ளலை ஓட்டுப் பட்டை பக்கம் தாங்கிக்கொள்ளும். பிதுங்கிய இடத்தின் விட்டம் சுமார் 30 அங்குலம் என்று வையுங்கள். 30 அங்குல வட்டத்திலிருந்து 20 அங்குல வட்டத்தைக் கழித்தால் ஏறக்குறைய 390 சதுர அங்குலம். 100 பவுண்டுக்கு 39,000 பவுண்ட். 17, 18 டன்.

நெம்புகோல் | ஆகஸ்ட் 5, காலை 7.30

ஒப்புக்கொள்கிறேன் சார். 57 வேண்டாம், 18 வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் ஆறு சக்கர லாரி லோடோடு 16 டன் சொச்சம். முழு லோடு வண்டியைவிடக் கூடுதலான ஒன்று அந்தக் காடியில் சாய்ந்து நிற்கிறது.

உங்கள் கணக்கில் எனக்குப் பிடித்தது கீழ்ப்பக்கம். கேஜில் 10 பவுண்ட் காட்டினால் பையன்கள் காற்று போயிடுச்சுண்ணே என்பார்கள். பத்துக்கும் பெருக்கிப் பாருங்கள், 1.8 டன். லிவரை ரிங்குக்குள் விட்டுக்கொண்டு குனிந்திருக்கிற ஆளுக்கு அதுவே போதும்.

வாத்தியார்62 | ஆகஸ்ட் 5, காலை 7.34

மற்றபடி தண்ணீர் இதே அழுத்தத்தில் இருந்தால் ரிங் சற்றே நகர்ந்ததும் அழுத்தம் விழுந்துவிடும். காற்று சுருங்கியிருக்கிறது, விரிந்துகொண்டே போய்த் தள்ளும். அதனால்தான் பறக்கிறது.

நைட்சர்வீஸ் | ஆகஸ்ட் 6, இரவு 12.50

எல்லாம் சரி. ராத்திரி இரண்டு மணிக்குத் தொப்பூர் கணவாயில் பின்டயர் பஞ்சர். ஜோடியில் வெளி டயர். நட்டைக் கழட்டு, ஸ்டெப்னியைப் போடு, கிளம்பு. இதில் காற்று விடுவது எங்கே வருகிறது? ரிங்கையே தொடுவதில்லையே.

நெம்புகோல் | ஆகஸ்ட் 6, காலை 6.15

நியாயமான கேள்வி. புத்தகத்துப் பதில், ஜோடிச் சக்கரத்தில் நட்டைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு டயரிலும் காற்றை முழுக்க எடுக்க வேண்டும் என்பது. காரணம், ரிம்மில் வெடிப்பு இருந்தாலோ ரிங் நழுவியிருந்தாலோ, நட்டும் பக்கத்துச் சக்கரமும் முட்டுக் கொடுத்துத்தான் அது நிற்கும். கடைசி நட் தளர்ந்ததும் முட்டுப் போய்விடும். சக்கரமே ஆள் மேல் வரும்.

நைட்சர்வீஸ் | ஆகஸ்ட் 6, காலை 6.40

நல்ல டயரில் 100 பவுண்டை விட்டுவிட்டுக் கணவாயில் நான் மறுபடி எதை வைத்து அடைப்பது? வாயால் ஊதவா?

நெம்புகோல் | ஆகஸ்ட் 6, காலை 6.52

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் ரோட்டில் நின்ற நாட்களில் உள் டயரை விட்டதில்லை, பஞ்சரான டயரில் மிச்சம் இருந்ததை மட்டும் பின்னை எடுத்து விட்டிருக்கிறேன். அது பாதி வேலைதான் என்று தெரியும். டார்ச் அடித்து ரிங்கைச் சுற்றிப் பார்த்து, கோணலோ வெடிப்போ தெரிந்தால் நட்டைத் தொடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். இதற்கு மேல் நான் சத்தியம் செய்து சொல்ல முடியாது.

துறைமுகம் | ஆகஸ்ட் 6, காலை 8.20

இரண்டு டயரையும் விடுவதுதான் சரி. லாரியில் காற்று பிரேக் இருந்தால் அதன் டேங்கிலிருந்து ஹோஸ் எடுத்து நிரப்புகிறார்களே.

நைட்சர்வீஸ் | ஆகஸ்ட் 6, காலை 8.31

நிரப்பலாம். ஒரு மணி நேரம் ஆகும், டீசலும் நீங்கள் கொடுங்கள்.

நெம்புகோல் | ஆகஸ்ட் 6, இரவு 10.20

செம்மண் அந்தப் பாதி காற்று டயரைச் சொன்னதிலிருந்து மனதில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

2004இல் சேலம் கோவை ரோட்டில் எங்கள் கடை. ஒரு லாரி பின்டயர் அமுங்கி வந்து நின்றது. பதினைந்து கிலோமீட்டராக அப்படியே ஓட்டி வந்திருக்கிறார். காற்று பிடிங்க, தாங்குதான்னு பார்ப்போம் என்றார். நானும் பையனிடம் ஹோஸைக் கொடுத்து அடிடா என்றேன். சக்கரம் வண்டியிலேயே இருக்கிறது. பையன் அதன் முன்னாலேயே குத்த வைத்து உட்கார்ந்து, வால்வில் ஹோஸைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தான் உட்காருவோம்.

டீ வந்தது. டீக்காரர் கூப்பிட, பையன் ஹோஸை விடாமல் பாதி திரும்பினான். அந்தத் திரும்பல்தான் அவனைக் காப்பாற்றியது. சத்தத்தை நான் கேட்டதாகவே ஞாபகம் இல்லை, காது அடைத்துப்போனது மட்டும் தெரியும். ரிங் அவன் தோளை உரசி, ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிளந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் கிடந்தது. பையனுக்குக் காறை எலும்பு முறிவு. கேஜில் கடைசியாக அவன் பார்த்தது 65.

ரிங்கில் பழைய வெடிப்பு இருந்திருக்கிறது. அதுதான் காரணம்.

பட்டறை | ஆகஸ்ட் 7, காலை 5.45

வெடிப்பு இருந்த ரிங் இரண்டாக உடைந்துதான் போகும். உங்கள் ரிங் முழுசாக மரத்தடியில் கிடந்தது என்கிறீர்கள். முறிந்த வாய் இருந்ததா? உள்ளே துரு ஏறிக் கறுத்திருந்ததா, பளபளவென்று இருந்ததா?

நெம்புகோல் | ஆகஸ்ட் 7, இரவு 11.10

காலையிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் போடாமல் இருந்தேன்.

முறிந்த வாய் இல்லை. ரிங் முழுசாகத்தான் இருந்தது. வெடிப்பு என்று லாரிக்காரரிடம் அன்றைக்குச் சொன்னேன், சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது.

நடந்தது இது. அதற்கு இரண்டு மாதம் முன்பு அதே வண்டிக்கு அதே டயரை நாங்கள்தான் மாட்டினோம். அவருடைய ரிங் வளைந்திருந்தது. கடைச் சுவரில் ஆணியில் பழைய ரிங்குகள் தொங்கும், அதில் ஒன்றை எடுத்துப் போட்டேன். 20 அங்குலம்தான். வட்டம் பொருந்தியது, உட்கார்ந்தது. ஆனால் அது வேறு கம்பெனி ரிம்முக்குச் செய்தது. ரிங்கின் உள் உதடு அந்தக் காடிக்குச் சற்றுத் தடிமன். முழுசாக இறங்காமல் தொற்றி நின்றிருக்கும். 100 பவுண்ட் இருக்கிற வரை இறுகி நின்றது. ஓட ஓட காற்று இறங்கியதும் டயர் ஓரம் விலகி, ரிங் தளர்ந்து, இடம் மாறியிருக்கும். அதற்கு மேல் நான் காற்றை ஏற்றச் சொன்னேன்.

பட்டறை | ஆகஸ்ட் 8, காலை 5.50

ரிங் மாறியது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். சரியான ரிங்காக இருந்திருந்தாலும் பதினைந்து கிலோமீட்டர் காற்றில்லாமல் ஓடிய டயரை வண்டியில் வைத்தே அடித்தது தப்பு. எது அதிகத் தப்பு என்று இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. விடுங்கள்.

துறைமுகம் | ஆகஸ்ட் 8, பகல் 12.10

எங்கள் கம்பெனி கப்பல் சம்பந்தப்பட்டது என்பதால் அமெரிக்க விதியைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இந்தத் துண்டு ரிம்களுக்கென்றே அங்கே 1980இல் தனி விதி வந்தது. அந்த ஊர் மெக்கானிக்குகள் இதில் ஒரு ரகத்துக்கு வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் தாலியறுப்பான்.

அதில் நெம்புகோல் சொன்ன சம்பவத்துக்கு நேராக ஒரு வரி இருக்கிறது. இருக்க வேண்டிய காற்றில் 80 சதவீதம் அல்லது அதற்கும் கீழே இறங்கி ஓடிய டயர் என்றால் வண்டியில் வைத்துக் காற்று ஏற்றக் கூடாது. முழுக்கக் காற்றை எடு, சக்கரத்தைக் கழட்டு, பிரித்துப் பார். 100 வேண்டிய டயர் 80இல் நின்றால் அத்தோடு ஏர் ஹோஸைச் சுருட்ட வேண்டியதுதான்.

நைட்சர்வீஸ் | ஆகஸ்ட் 8, பகல் 2.00

80இல் நிற்கிற டயரைப் பிரித்துப் பார்க்கிற கடை தமிழ்நாட்டில் ஒன்று காட்டுங்கள், மாலை போடுகிறேன்.

பட்டறை | ஆகஸ்ட் 9, காலை 6.00

இன்னொன்று. ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் கொஞ்சம் காற்றை ஏற்றிவிட்டு, சம்மட்டியால் சுற்றி லேசாகத் தட்டினால் டொக் என்று உட்காரும். நாற்பது வருஷம் அப்படித்தான் செய்தேன்.

நெம்புகோல் | ஆகஸ்ட் 9, காலை 6.25

ஐயா, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. இதில் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். காற்று உள்ளே இருக்கும்போது ரிங்கில் சம்மட்டி படக் கூடாது. கோணலாக நிற்கிறது என்றால் காற்றை முழுக்க விட்டு, ரிங்கைக் கழட்டி, காடியைத் தேய்த்து, மறுபடி போட வேண்டும்.

நான் செய்வது, முதலில் பத்து பவுண்ட் அளவுக்கு மட்டும் ஏற்றி நிறுத்திவிடுவேன். ரிங் சுற்றிலும் ஒரே அளவில் இறங்கியிருக்கிறதா, வெட்டின் இரண்டு முனையும் சம மட்டத்தில் இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் நின்று பார்ப்பேன். சரியாக இருந்தால்தான், ரிங் பறந்தாலும் தடுக்கிற இரும்புக் கூண்டுக்குள் தள்ளி மீதிக் காற்று.

பட்டறை | ஆகஸ்ட் 9, காலை 6.31

ஐந்து பவுண்டில்தான் தட்டுவேன். ஐம்பதில் இல்லை.

நெம்புகோல் | ஆகஸ்ட் 9, காலை 6.35

வாத்தியார் கணக்கில் ஐந்துக்கு 900 கிலோ.

பட்டறை | ஆகஸ்ட் 9, காலை 6.36

தட்டி எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

செம்மண் | ஆகஸ்ட் 10, இரவு 8.15

கூண்டு கூண்டு என்கிறீர்கள். டவுன் கடையில் விசாரித்தேன். கூண்டு இல்லை, டிஸ்க் ஓட்டைக்குள் இரண்டு லிவரை விட்டு, சங்கிலியைச் சுற்றி அடிப்போம் என்கிறார். இன்னொருவர் ரிங்கைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாராம். எது பரவாயில்லை?

நெம்புகோல் | ஆகஸ்ட் 10, இரவு 9.00

கவிழ்த்துப் போடுவது இருப்பதிலேயே மோசம். ரிங் கீழே போக முடியாது, அதனால் டயரும் டிஸ்க்கும் சேர்ந்து மேலே போகும். குனிந்து பார்க்கிறவர் தலை அங்கேதான் இருக்கும்.

சங்கிலி ஒன்றுமில்லாததற்கு மேல். ஆனால் எந்தச் சங்கிலி, எத்தனை சுற்று, கொக்கி எது என்று யாருக்கும் தெரியாது. 18 டன் அதிர்ந்து வந்தால் லிவரே ஈட்டியாகப் பறக்கும்.

துறைமுகம் | ஆகஸ்ட் 10, இரவு 9.40

கூண்டுக்கும் அளவு உண்டு. டயருக்குச் சொன்ன உச்சக் காற்றைவிட ஒன்றரை மடங்கில் ரிங் பிய்ந்தாலும் தாங்க வேண்டும். தெரு வெல்டர் அரை அங்குலக் கம்பியில் செய்து தருவது கோழிக்கூண்டு. நல்ல கூண்டாக இருந்தாலும் காற்று ஏறும்போது அதன் மேல் சாய்ந்து நிற்கக் கூடாது. வால்வில் தானாகக் கவ்விக்கொள்ளும் கிளிப், நீள ஹோஸ், கைப் பக்கத்தில் கேஜும் வால்வும். ஆள் தள்ளி நின்று அடிக்க வேண்டும். உங்கள் பையன் ஹோஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பாருங்கள், அந்த கிளிப் இருந்திருந்தால் அவன் அங்கே உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

நெம்புகோல் | ஆகஸ்ட் 10, இரவு 9.44

ஆமாம். அதன் விலை அன்றைக்கு நான்கைந்து டீ செலவு.

செம்மண் | ஆகஸ்ட் 16, மாலை 5.20

சங்ககிரியில் கூண்டு வைத்திருக்கிற கடை கிடைத்தது. வண்டியை ஓட்டவில்லை, கடைக்காரரே வந்து ஓரமாக நின்று பின்னை எடுத்து, பின்பக்கம் நாலு டயரிலும் காற்றை விட்டுத்தான் நட்டைத் தொட்டார். நைட்சர்வீஸ் அண்ணன் பார்த்திருந்தால் மாலை போட்டிருப்பார்.

பிரித்ததும் காட்டினார். முனை தூக்கலாக நின்ற ரிங்கில் 7.50-20 என்று அடித்திருக்கிறது. அடி ரிம்மில் 7.00-20. முத்திரையும் வேறு வேறு. காடிக்குள் அரை விரல் கனத்துக்குத் துரு கேக் மாதிரி. இன்னொரு சக்கரத்தில் ரிங் சரி, ஆனால் அடி ரிம்மின் காடி உதடு ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருக்கிறது. மூன்றாவதில் எண்ணே தெரியவில்லை, தேய்ந்துவிட்டது. அதை என்ன செய்வது என்று அவருக்கே குழப்பம்.

மச்சான் ஒரு யோசனை சொன்னார். சாய்ந்த உதட்டை வெல்டிங் வைத்து நிரப்பி, கிரைண்டரில் தீட்டிவிடலாமாம்.

நெம்புகோல் | ஆகஸ்ட் 16, மாலை 6.10

மச்சானுக்கு வேறு வேலை கொடுங்கள். வெல்டிங் வைத்த இடம் ஒன்று மென்மையாகும் இல்லை முறுகும், அடுத்த வெடிப்பு அதன் பக்கத்தில்தான். டயர் மாட்டியிருக்கிற ரிம்மில் யாரும் கேஸ் கட்டரோ வெல்டிங்கோ வைக்கவும் விடாதீர்கள், காற்று இல்லாவிட்டாலும். உள்ளே ரப்பர் வெந்து, அந்த ஆவி பற்றிக்கொண்டு டயரே வெடிக்கும்.

7.50 ரிங்கும் சாய்ந்த உதடு ரிம்மும் இரும்புக்கடைக்கு. எண் தெரியாததை நானாக இருந்தால் போட மாட்டேன்.

பட்டறை | ஆகஸ்ட் 16, மாலை 6.30

எண் தேய்ந்ததற்காக நல்ல ரிம்மைத் தூக்கிப் போடுவார்களா? ரிங்கைப் போட்டு, காடியில் சுற்றி முழுசாக இறங்குகிறதா என்று டயர் இல்லாமலே பார்க்கலாமே.

நெம்புகோல் | ஆகஸ்ட் 16, மாலை 6.42

2004இல் நானும் போட்டுப் பார்த்தேன் ஐயா. உட்கார்ந்தது.

செம்மண் | ஆகஸ்ட் 17, காலை 10.05

இரும்புக்கடைக்குக் கொண்டு போனேன். கிலோ கணக்கில் எடைக்குப் போட வேண்டாம், ரிங்கை அப்படியே கொடுங்க, கூட 300 ரூபாய் தருகிறேன் என்கிறார். பஞ்சர் கடைக்காரர்கள் வாங்குவார்களாம்.

நெம்புகோல் | ஆகஸ்ட் 17, காலை 10.08

அங்கேயே கட்டர் இருக்கும். இரண்டாக வெட்டிவிட்டு எடைக்குப் போடுங்கள். அந்த 300ஐ நான் தருகிறேன்.